"இனிமே அடிக்கடி பேச முடியாது" என்று தோழிக்கு எழுதுவது

இரவு பத்து மணிக்கு மேல் போன் வருகிறது. எடுத்தால் முக்கால் மணி நேரம். மாமியார், ஆபீஸ் மேனேஜர், கணவரின் தம்பி என்று நேற்றுச் சொன்ன கதைதான், இன்று இன்னும் கொஞ்சம் விவரத்தோடு வருகிறது. இந்தப் பக்கம் இருப்பவர் இடையில் தன் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் அடுத்த வாக்கியத்திலேயே பேச்சு மாமியாரிடம் திரும்பிவிடுகிறது. இருவரும் கல்லூரியில் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். நாற்பதை நெருங்கும் வயதில், அந்தப் பெயர் போன் திரையில் தெரிந்தாலே ஒருத்திக்கு வயிற்றைப் பிசைகிறது.

இந்தத் தோழி கெட்டவள் அல்ல. நட்பு பொய்யாக இருந்திருந்தால் விலகுவது சுலபம். அமெரிக்க உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பள்ளிப் பிள்ளைகள் நண்பர்களோடு தங்கள் பிரச்சினைகளையே திரும்பத் திரும்பப் பேசுவதைக் கவனித்தார். அப்படிப் பேசும் பிள்ளைகளிடம் நெருக்கமும் அதிகமாக இருந்தது, மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்தன. பெரியவர்களிடமும் இதைப் பார்க்கலாம். பேசப் பேச நெருக்கம் கூடுகிறது, பிரச்சினை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிரச்சினை தீர ஒரு வழி சொன்னால், "அதெல்லாம் சரிப்பட்டு வராதுடீ" என்று பதில் வரும். தற்காலிகமான கஷ்டத்தில் இருப்பவரையும் இவரையும் பிரித்தறிய இது ஒரு நல்ல அடையாளம். அம்மாவை இழந்தவர், வேலை போனவர் சில மாதங்கள் நம் மேல் சாய்வார்கள், பிறகு நிமிர்வார்கள். அவர்களிடமிருந்து விலகத் தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே அச்சில் ஓடும் பேச்சுதான் வேறு.

விலக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்:

"சாரிடீ, இப்போ ஆபீஸ்ல ஆடிட். முன்ன மாதிரி பேச முடியல, தப்பா எடுத்துக்காத. முடிஞ்சதும் கண்டிப்பா பேசுறேன்."

அன்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கும் தோழிக்குப் புரிவது ஒன்றுதான்: ஆடிட் முடியும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து "ஆடிட் முடிஞ்சுதா?" என்று கேட்பாள். அது நியாயமான கேள்வி. அதற்கு இன்னொரு பொய் சொல்ல வேண்டும், அது முடிந்ததும் மற்றொன்று. சாக்குப்போக்கை இரக்கம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது அந்தத் தோழியை மாதக்கணக்கில் வாசலில் நிற்க வைக்கிறது.

பொறுமை தீர்ந்த நாளில் எழுதுவது வேறு மாதிரி இருக்கும்: "எப்பவும் உன்னப் பத்தி மட்டும்தான் பேசுற. எங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ ஒரு வார்த்தை கேட்டியா?" இதில் சொல்லியிருப்பது அத்தனையும் உண்மையாக இருக்கலாம். ஆனாலும் இது வழக்குக்கு அழைப்பு. "கேட்டேனே, அன்னைக்கே மெசேஜ் போட்டேனே" என்று பதில் வரும். பிறகு இருவரும் பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். குற்றப்பட்டியல் நட்பைச் சீர்செய்ய உட்கார்ந்து பேசும்போது தேவைப்படலாம். பின்வாங்கும் செய்தியில் அதற்கு வேலை இல்லை. 'நீ ஒரு நெகட்டிவ் ஆளு' என்று முத்திரை குத்துவதும் அப்படித்தான். அந்த ஒரு சொல்லைத் தவிர மற்ற எதுவும் அவள் நினைவில் நிற்காது.

ஆகவே எழுதுவதற்கு முன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பேச்சைக் குறைக்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா? இது தெரியாமல் எழுதினால் செய்தி குழம்பும். நம் உதாரணத்தில் அவள் குறைக்கத்தான் விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் இப்படி எழுதலாம்:

"கொஞ்ச நாளா யோசிச்சுத்தான் இத எழுதுறேன். ஹாஸ்டல்ல எனக்கு டைபாய்டு வந்தப்போ ராத்திரி பூரா நீ முழிச்சிருந்தத நான் மறக்கல. ஆனா தினமும் இவ்வளவு நேரம் பேசுறது இப்போ என்னால முடியல. அதனால இனிமே ராத்திரி போன் எடுக்க மாட்டேன், தினமும் பதில் போடவும் மாட்டேன். மாசத்துல முதல் ஞாயிறு நானே கூப்பிடுறேன். இது உனக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும்."

இதில் நன்றி பொதுவாக இல்லை, டைபாய்டு வந்த அந்த இரவாக இருக்கிறது. 'நீ ரொம்ப நல்லவ, ஆனா' என்று தொடங்கினால் 'ஆனா'வுக்கு முன் வந்தது கண்துடைப்பாகத் தோன்றும். இருவருக்கும் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் அது நிற்கும். அடுத்து, மாறப்போவது என்ன என்பது தன் செயலாகவே சொல்லப்பட்டிருக்கிறது: எடுக்க மாட்டேன், பதில் போட மாட்டேன், கூப்பிடுறேன். 'நீ கூப்பிடாதே' என்பது கட்டளை, அதை அவள் மீறலாம். 'நான் எடுக்க மாட்டேன்' என்பதை மீற அவளால் முடியாது.

காரணம் ஏறக்குறைய இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 'ராத்திரி பேசினா தூக்கம் வரமாட்டேங்குது' என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்த்தால், "சரி, சாயங்காலம் கூப்பிடுறேன்" என்பாள். பாவம், உதவுவதாகவே நினைத்துச் சொல்வாள். தீர்க்கக்கூடிய காரணம் எதைக் கொடுத்தாலும் அதைத் தீர்த்துவைக்கத்தான் அன்புள்ளவர்கள் முயல்வார்கள். 'ஓகேவா?', 'நீ என்ன நினைக்கிற?' போன்ற கேள்விகளும் கடைசியில் வேண்டாம். முடிவெடுத்த விஷயத்துக்கு அனுமதி கேட்பது போலாகிவிடும்.

முற்றிலும் நிறுத்துவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரியை எடுத்துவிட்டு, "இனிமே தொடர்ந்து பேச என்னால முடியாது. எங்கயாவது பாத்தா நல்லபடியா பேசுவோம்" என்று எழுத வேண்டும். மனம் கேட்காமல் மாதம் ஒருமுறை என்று எழுதிவிட்டுக் கூப்பிடாமல் இருப்பது ஆடிட் பொய்யைவிட மோசம். மிரட்டலோ அவமதிப்போ உள்ள உறவுக்கு இவ்வளவு விளக்கமும் தேவையில்லை. அங்கே பாதுகாப்பாக விலகுவதுதான் முதல் வேலை.

அனுப்பிய பிறகு முதல் வாரம்தான் கடினமானது. போன்கள் குறையாது, கூடும். இதற்கு உளவியலில் தெளிவான விளக்கம் உண்டு. வழக்கமாகப் பலன் தந்த ஒரு செயல் திடீரெனப் பலன் தராவிட்டால், மனிதர்கள் அதை முதலில் இன்னும் வேகமாகச் செய்து பார்ப்பார்கள். பதினைந்தாவது மிஸ்டு காலுக்கு மனமிரங்கி எடுத்துவிட்டால், பதினைந்து முறை கூப்பிட்டால் எடுப்பாள் என்பதுதான் தோழிக்குக் கிடைக்கும் பாடம். கோபமாகப் பதில் வந்தால் ஒருமுறை மட்டும், "உனக்குக் கோபம் வரும்னு தெரியும். சொன்னதுல மாற்றம் இல்ல. முதல் ஞாயிறு கூப்பிடுறேன்" என்று எழுதலாம். புதிய காரணங்கள் சேர்க்கக் கூடாது. அந்த ஞாயிறு வந்ததும் மறக்காமல் கூப்பிட வேண்டும்.

இந்த உறுதிக்கு ஒரே ஒரு விதிவிலக்கு. "நான் செத்துப்போறேன்" என்று அவள் எழுதினால் அதை நடிப்பு என்று ஒதுக்க யாருக்கும் உரிமை இல்லை. உடனே அவள் கணவருக்கோ, அம்மாவுக்கோ, அருகில் இருக்கும் யாருக்கோ தெரிவிக்க வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை அவளுக்கும் கொடுக்க வேண்டும். ஆனால் அன்றிரவு அவள் உயிரைக் காக்கும் ஒரே ஆளாகத் தன்னை நிறுத்திக்கொள்வது இருவருக்கும் ஆபத்து. வீட்டார் பக்கத்தில் வந்துவிட்டார்கள் என்று தெரிந்தபின் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பலாம்.

பொதுவான நண்பர்கள் கேட்பார்கள். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் யாராவது "ரெண்டு பேருக்கும் என்னடீ பிரச்சினை?" என்று தனியாக மெசேஜ் போடுவார்கள். "சண்டை ஒண்ணும் இல்ல, இப்போ கொஞ்சம் கம்மியா பேசிக்கிறோம்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு நாளில் அவளிடம் போய்ச் சேரும், போகும் வழியில் இன்னும் கூர்மையாகி.