பட்டன் இருந்தும் ஏன் வழுக்கியது?

2023 ஐப்பசி மாதம், பல்லாவரம் சிக்னல். மழை பிடித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஸ்கூட்டரின் வேகம் முப்பதைத் தாண்டவில்லை. முன் பிரேக்கைப் பிடித்த இடம் சாலையின் வெள்ளைக் கோட்டின் மேல் அமைந்துவிட்டது. முன்சக்கரம் இடப்பக்கம் ஓட, நான் வலப்பக்கம் விழுந்தேன். முட்டியில் தோல் உரிந்ததோடு போயிற்று.

மறுநாள் வண்டியை டயர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். முன் டயரில் பட்டன் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. “பட்டன் நல்லாத்தானே இருக்கு, எப்படி வழுக்கும்?” என்று கேட்டேன். கடைக்காரர் பெரியவர். “பட்டனைப் பாக்காதீங்க தம்பி, ரப்பரைப் பாருங்க. நகத்தை வெச்சு அழுத்துங்க” என்றார். முதலில் கடையில் தொங்கிய புது டயரில் அழுத்தச் சொன்னார். நகம் மெல்ல உள்ளே இறங்கி, எடுத்ததும் தடம் மறைந்தது. என் டயரில் நகம்தான் மடங்கியது. பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 1118. அதாவது 2018-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரத்தில் செய்த டயர்.

அது அப்பாவின் வண்டி. ஐந்து வருடம் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போய்வந்ததில் ஓடியது 14,000 கிலோமீட்டர்தான். நிழலில்லாத வாசலில் வெயிலில் நின்ற நேரமே அதிகம். பின் டயரை அந்த வருடம் மாற்றியிருந்தேன். முன் டயரில் பட்டன் இருக்கிறதே என்று விட்டுவைத்தேன். தவறு அங்கேதான்.

ஈரச் சாலையில் டயர் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். காய்ந்த தாரில் ரப்பர் சாலையோடு ஒட்டுகிறது. அந்த ஒட்டுதலே பிடிமானத்தில் பெரும்பங்கு. நடுவில் தண்ணீர் வந்துவிட்டால் ஒட்டுதல் பெரும்பாலும் போய்விடும். மிஞ்சுவது இன்னொன்று. தார்ச் சாலையின் மேற்பரப்பு பொடிக்கல் பொடிக்கல்லாக மேடுபள்ளமானது. மென்மையான ரப்பர் அந்தக் கல் முனைகளைச் சுற்றி அமுங்கிப் பிறகு விரிகிறது. அமுங்கிய வேகத்தில் விரியாமல் சற்றுத் தாமதிக்கும் ரப்பராக இருந்தால், ஒவ்வொரு முனையிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகக் கழிகிறது. ஈரத்தில் நம்மை நிறுத்துவது முக்கியமாக இந்தக் கழிவுதான். இறுகிப்போன ரப்பர் கல் முனைக்குள் இறங்குவதே இல்லை, மேலேயே வழுக்கிப் போகிறது. வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி, மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கும் இரும்புத் தகடு போன்றவற்றில் பற்றிக்கொள்ளக் கல் முனையே கிடையாது. புது டயருக்கே அங்கே பிடிமானம் குறைவு. முதல் மழையில் எண்ணெயும் தூசியும் குழைந்து மேலே படிந்திருக்கும்போது இன்னும் மோசம். என் டயருக்கு இரண்டும் ஒன்றாக வாய்த்தன.

அப்படியானால் பட்டனுக்கு என்ன வேலை? தண்ணீருக்கு வழி விடுவது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஸ்கூட்டர் டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. அதன் அகலம் 6 சென்டிமீட்டர், சாலையில் 1 மில்லிமீட்டர் தண்ணீர், வேகம் 40 கிலோமீட்டர் என்றால், நொடிக்கு அரை லிட்டருக்கும் மேலான தண்ணீரை டயர் விலக்கியாக வேண்டும். ரப்பரின் ஒரு புள்ளி சாலையில் இருக்கும் நேரம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் தண்ணீர் விலகி, ரப்பர் கல்லைத் தொட்டு, பிடித்தும் ஆக வேண்டும். வாய்க்கால் ஆழமாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் விலகும், பிடிக்க மிஞ்சும் நேரம் கூடும்.

ஆனால் டயர் முழுக்கத் தண்ணீர் மேல் மிதக்கும் நிலை நகரத்து ஸ்கூட்டருக்கு எளிதில் வருவதில்லை. அது எந்த வேகத்தில் நேரும் என்பது பெரும்பாலும் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று 1960-களில் நாசா ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவர்கள் சூத்திரத்தில் 22 பி.எஸ்.ஐ. போட்டால் மணிக்கு 78 கிலோமீட்டர் வருகிறது. அதுவும் தட்டையான டயருக்கு. இருசக்கர வாகனத்தின் உருண்டை முகம் தண்ணீரை இன்னும் நன்றாகக் கிழித்துக்கொண்டு போகும். ஆகவே நாற்பதில் போகிற நமக்கு ஈரத்தில் முதல் காவல் ரப்பர், அடுத்ததுதான் பட்டன். கடையில் பெரும்பாலோர் மேலே வெட்டியிருக்கும் வடிவத்தைப் பார்த்து டயர் தேர்ந்தெடுக்கிறோம். அது தலைகீழான வரிசை.

மென்மையான ரப்பராகப் பார்த்து வாங்கிவிட்டால் போதாதா? தினம் ஒரு மணி நேரம் ஓட்டாதவருக்குப் போதும். நான் பெருங்களத்தூரிலிருந்து கிண்டிக்குப் போய்வருகிறேன், நாளைக்கு 40 கிலோமீட்டர். 90/100-10 அளவுள்ள டயரின் சுற்றளவு சுமார் 1.36 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 730 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். 17 அங்குலச் சக்கரமுள்ள மோட்டார் சைக்கிள் 540 சுற்றில் அதே தூரத்தைக் கடந்துவிடும். அதனால் ஸ்கூட்டர் டயரின் ஒவ்வோர் இடமும் சாலையில் அதிகத் தடவை உரசுகிறது. இஞ்சின் பின்சக்கரத்தை ஒட்டியே இருப்பதால் பின் டயருக்குப் பாரமும் அதிகம். ரொம்ப மிருதுவான ரப்பர் போட்டால் பின் டயர் ஒரு வருடம் தாங்குவதே கடினம், மைலேஜும் குறையும்.

இந்த இழுபறியைப் பெருமளவு தீர்த்தது சிலிகா. டயர் ரப்பருக்கு வலு சேர்க்க வழக்கமாகக் கலப்பது கார்பன் கரி. அதில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மணலின் உறவான சிலிகாவைப் பொடியாகக் கலக்கலாம். சிலிகா ரப்பரோடு தானாகச் சேராது. இரண்டையும் பிணைக்க சிலேன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, சரியான சூட்டில் கலக்க வேண்டும். அதனால்தான் விலை கூடுகிறது. 1990-களின் தொடக்கத்தில் மிஷலின் நிறுவனம் கார் டயரில் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது.

பலன் எங்கிருந்து வருகிறது என்றால், ரப்பர் இரண்டு விதமாக அமுக்கப்படுகிறது. சக்கரம் உருளும்போது ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, அதாவது நாற்பது வேகத்தில் நொடிக்கு எட்டுத் தடவை. இந்த மெதுவான அமுக்கத்தில் வீணாகும் ஆற்றல் பெட்ரோலிலிருந்து போகிறது. பிரேக் பிடிக்கும்போதோ, கல் முனைகள் ரப்பரை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அமுக்குகின்றன. அந்த வேகமான அமுக்கத்தில் கழியும் ஆற்றல் நம் உயிரைக் காக்கிறது. சிலிகா சேர்ந்த கலவை முதலாவதில் குறைவாகவும் இரண்டாவதில் நிறையவும் ஆற்றலைக் கழிக்கிறது. மைலேஜும் ஈரப் பிடிமானமும் ஒரே டயரில் கிடைப்பது இப்படித்தான். சிலிகா டயரும் கறுப்புதான், நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. நிறுவனம் தன் விவரக்குறிப்பில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பட்டனின் வடிவத்தைப் பொறுத்தவரை நீண்ட நகர ஓட்டத்துக்கு நான் பார்ப்பது இவ்வளவுதான். நடுப்பகுதி துண்டு துண்டாக வெட்டப்படாமல் தொடர்ச்சியான பட்டையாக இருக்க வேண்டும். தனித்தனிக் கட்டிகள் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஆடிஆடி ரம்பப்பல் போலத் தேயும். வாய்க்கால்கள் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சாய்வாக ஓடி, ஓரத்தில் திறந்திருக்க வேண்டும். மண் சாலைக்கான பெரிய கட்டிப் பட்டன் வேண்டாம். தாரைத் தொடும் ரப்பரே அதில் குறைந்துவிடுகிறது. டயரின் பக்கத்தில் உள்ள அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டும். சில டயர்களில் முன்சக்கரத்துக்கு ஓர் அம்பு, பின்சக்கரத்துக்கு எதிர்த்திசையில் ஓர் அம்பு என இரண்டும் இருக்கும். கடைப்பையன் அவசரத்தில் மாற்றி மாட்டிவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.

எப்போது மாற்றுவது என்பதற்கு என் பின் டயர் கணக்கைச் சொல்கிறேன். மாட்டிய அன்று நடு வாய்க்காலின் ஆழம் 5.5 மில்லிமீட்டர். 6,000 கிலோமீட்டர் ஓடியபின் 4 மில்லிமீட்டர். ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் மில்லிமீட்டர் தேய்கிறது. சட்டம் இருசக்கர வாகனத்துக்கு 0.8 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. மழையில் ஓட்டுபவர் அதுவரை காத்திருக்கக் கூடாது, நான் 2 மில்லிமீட்டரில் நிறுத்திவிடுவேன். மீதம் 2 மில்லிமீட்டர், அதாவது 8,000 கிலோமீட்டர். மாதம் ஆயிரம் ஓடுகிற எனக்கு எட்டு மாதம். அந்த எட்டாவது மாதம் கார்த்திகையில் விழுந்தால் ஒரு மாதம் முன்னதாகவே மாற்றிவிடுவேன். அளக்கும்போது நடுவில்தான் அளக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சாலை போன்ற நேர்ச்சாலையில் நடு மட்டும் தேய்ந்து டயர் தட்டையாகிவிடும். ஓரத்தில் பட்டன் புதிதுபோல் தெரியும், ஆனால் திருப்பத்தில் சாயும்போது தட்டையின் விளிம்பில் வண்டி சட்டென்று விழுவதுபோல் இருக்கும். அந்த உணர்வு வந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

முன் டயருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது தேய்வதைவிட வேகமாக மூப்படைகிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை இறுக்குகின்றன, வாய்க்காலின் அடியில் முடிபோன்ற வெடிப்பு தெரியத் தொடங்கும். நகத்தை அழுத்துவது தோராயமான சோதனைதான். ஷோர் அளவுகோல் என்ற சிறு கருவியை வைத்தால் எண்ணாகவே தெரியும். புது டயர் பொதுவாக 60-ஐ ஒட்டிக் காட்டும்; எழுபதைத் தாண்டிய முன் டயரை மழையில் நான் நம்ப மாட்டேன். ஐந்து வருடம் ஆகிவிட்டால் எண்ணைக்கூடப் பார்ப்பதில்லை.

புது டயர் மாட்டியவுடனேயே மழையில் தைரியமாகச் சாய்ந்து ஓட்ட வேண்டாம். அச்சிலிருந்து கழற்றத் தடவிய வழுவழுப்பு மேலே இருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாகப் போனால் தேய்ந்து போய்விடும். காற்றை வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்கிற அளவுக்கு, டயர் சூடேறுமுன் காலையில் பிடியுங்கள். மழைக்கு நல்லது என்று காற்றைக் குறைப்பவர்கள் உண்டு. குறைத்தால் வாய்க்கால்கள் நெரிந்து மூடிக்கொள்கின்றன, மிதக்கும் வேகமும் இறங்குகிறது.

உங்கள் ஸ்கூட்டரின் முன் டயரில் அந்த நான்கு இலக்கங்களை இன்றே தேடிப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் எப்போதாவது எடுக்கும் வண்டி என்றால் அதை முதலில் பாருங்கள்.