ஓட்டை தண்ணீருக்கு மேலே இருக்கட்டும்

சோலார் போட்ட பிறகு மாடி ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது போல்ட்டின் நீளத்தைத்தான். "சிலிக்கான் வைத்து அடைத்தார்களா?" என்று எல்லோரும் கேட்கும் கேள்வி அதற்குப் பிறகுதான்.

காரணம் நம் ஊர் மொட்டை மாடியின் அமைப்பில் இருக்கிறது. மேலே நடக்கும்போது காலில் படுவது கான்கிரீட் அல்ல. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் நாலரை, ஐந்து அங்குல கனத்தில் அடியில் கிடக்கிறது. வெயில் தாக்காமலும் நீர் வாட்டம் கிடைப்பதற்காகவும் அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுமார் 3 அங்குலத்துக்குப் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கியிருப்பார்கள். அதற்கும் மேலே கலவை விரித்துத் தட்டோடு பதித்திருக்கும். ஓடு முக்கால் அங்குலம், அடிக்கலவை அரை அங்குலம். கூட்டிப் பார்த்தால் கான்கிரீட்டின் மேல் முகமே நமக்கு நாலேகால் அங்குலம் கீழே இருக்கிறது.

சட்டங்களைத் தாங்கும் கால்களை மாடியில் பிடிக்கப் பலரும் கொண்டுவருவது 4 அங்குல ஆங்கர் போல்ட். கடையில் எளிதாகக் கிடைப்பது அதுதான். இரும்புத் தகடு, ஓடு, கலவை, ஜல்லி எல்லாவற்றையும் தாண்டிப் போகும் போல்ட்டின் நுனி கான்கிரீட்டைத் தொடக்கூட இல்லை. அது பிடித்துக்கொண்டிருப்பது நகத்தால் சுரண்டினால் உதிரும் செங்கல் ஜல்லியை.

சென்னைக்குத் தெற்கே ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. 3 கிலோவாட் அமைப்பு, ஆறு தகடுகள், ஆறு கால்கள். ஒவ்வொரு காலுக்கும் நான்கு போல்ட், ஆக மொட்டை மாடியில் 24 ஓட்டைகள். ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளை சிலிக்கான் அப்பியிருந்தது. மழைக்காலத்தில் படுக்கையறை மின்விசிறியின் கிண்ணத்திலிருந்து நீர் சொட்டியது. பக்கத்தில் இருந்த காலே அங்கிருந்து பத்தடி தள்ளித்தான். வீட்டுக்காரர் சொன்ன ஒரு வரிதான் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது: "அண்ணே, மழை பெய்யும்போது ஒண்ணும் இல்லை. விட்டு ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொட்டுது."

நேராகக் கீழே வரை துளை இருந்தால் மழை தொடங்கிய சிறிது நேரத்திலேயே சொட்டும், மழை விட்டதும் நிற்கும். தாமதமாகத் தொடங்கி நாள்கணக்கில் நீடித்தால், தண்ணீர் எங்கோ சேர்ந்து பிறகு கசிகிறது என்று பொருள். சேருமிடம் அந்தச் செங்கல் ஜல்லிப் படுகை. ஓட்டில் போட்ட துளை வழியாக இறங்கிய நீரை அது பஞ்சு போல வாங்கி வைத்துக்கொள்கிறது. மேலே ஓடு மூடியிருப்பதால் வெயில் அதை எளிதில் உலர்த்துவதில்லை. நீர் கான்கிரீட்டின் மேல் முகத்தில் வாட்டம் போகும் திசையில் நகர்ந்து, எங்கே மயிரிழை வெடிப்பு இருக்கிறதோ அங்கே இறங்குகிறது. தளத்துக்குள் புதைத்த ஒயர் குழாய் வழியில் பட்டால் அதற்குள் புகுந்து விசிறிப் பெட்டிக்கே வந்துவிடும். விசிறி வழியாகச் சொட்டினால் அந்த அறையின் மின் இணைப்பை முதலில் துண்டித்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆகவே கீழே ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே போய் ஓட்டையைத் தேடுவது பெரும்பாலும் வீண்.

சிலிக்கான் ஏன் காப்பாற்றவில்லை? பிதுக்கும்போது வினிகர் போலப் புளித்த நெடி அடிக்கும் சாதாரண வகையைத்தான் அங்கே பயன்படுத்தியிருந்தார்கள். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் அது நல்ல பொருள். சிமெண்டின் காரத்தோடு அதற்கு ஒத்துப்போகாது, பிடிப்பு விட்டுவிடும். அந்த வீட்டில் விரல் நுனியால் நெம்பியதும் ஓரம் தோல் போல உரிந்து வந்தது, அடியில் துளைபோட்ட தூசி அப்படியே ஒட்டியிருந்தது. பாலியூரித்தேன் வகை கான்கிரீட்டில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எந்தப் பசையாக இருந்தாலும், மேலே தடவிய மெல்லிய பூச்சு நெடுநாள் தாங்காது. கோடையில் கொதித்து விரிந்து, மழையில் சட்டென்று குளிர்ந்து சுருங்கும் தளம் அது. போதாததற்குக் காற்றில் கால்கள் ஆடிக்கொண்டே இருக்கும்.

அந்த ஆட்டத்தைக் கணக்கில் பார்த்தால்தான் போல்ட்டின் நீளம் ஏன் முக்கியம் என்று விளங்கும். தகடுகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 15.5 சதுர மீட்டர். நம் இந்தியத் தர நிர்ணயம் சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் வரும். சாய்வையும் மாடியின் உயரத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். தோராயமாக எடுத்தாலும் மொத்தத்தில் இரண்டு டன்னுக்கு மேல், ஒரு காலுக்கு 390 கிலோ தூக்குவிசை. தகடுகளும் இரும்பும் சேர்ந்த சொந்த எடை ஒரு காலுக்கு 50 கிலோ இருந்தால் அதிகம். மீதியை ஜல்லியில் செருகிய போல்ட் பிடித்து நிறுத்தாது. புயல் வராத நாளிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து துளையை அகட்டிக்கொண்டே இருக்கும். ஒழுகலும் காற்றுக்குப் பிடுங்கிக்கொள்வதும் ஒரே குறையின் இரண்டு முகங்கள்.

அப்படியானால் 8 அங்குல போல்ட் போட்டால் சரியாகிவிடுமா? பிடிப்பு கிடைக்கலாம், ஒழுகல் தீராது. நீர் ஓடும் மட்டத்திலேயே துளை இருக்கும்வரை என்றாவது ஒருநாள் அடைப்பு தோற்கும். துளையை அடைப்பதற்குப் பதில், தண்ணீர் எட்டாத உயரத்துக்கு அதைத் தூக்கிவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு. அதற்குத்தான் பெடஸ்டல் என்கிற சிறு கான்கிரீட் மேடை.

பெடஸ்டலை ஓட்டின்மேல் அப்படியே வார்த்து வைப்பவர்களும் உண்டு. ஒரு கன அடி கான்கிரீட்டின் எடை 68 கிலோதான். மேலே சொன்ன 390 கிலோவுக்கு முன்னால் அது போதாது என்பது பள்ளிக் கணக்கு. ஆகவே அந்த வீட்டில் தளம்வரை இறங்கவேண்டி வந்தது.

முதலில் பீம் போகும் கோட்டை மாடியில் சாக்பீஸால் வரைந்துகொண்டு, முடிந்தவரை கால்களை அதன்மேல் மாற்றினோம். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஓட்டை வெட்டும் பிளேடால் அறுத்து, ஜல்லியைக் கையுளியால் எடுத்தார் கொத்தனார். இடிக்கும் மெஷினை இங்கே கொண்டுவரக் கூடாது. அந்த அதிர்ச்சியே தளத்தில் புதிய வெடிப்பை உண்டாக்கும். ஜல்லி ஈரமாக இருந்தது. சில இடங்களில் பிழிந்தால் நீர் வரும் அளவுக்கு. இரண்டு நாள் திறந்து போட்டு உலரவிட்ட பிறகுதான் அடுத்த வேலை.

தளத்தில் துளை 3 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று டிரில் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்தோம். தளமே ஐந்து அங்குலம்தான். ஆழம் மிஞ்சினால் கீழே பூச்சு பெயரும், ஒயர் குழாயும் உடையும். துளைக்குள் இருக்கும் தூசியை ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடியும் ஊத வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் தூசியோடு எபாக்ஸி பசையை விட்டால் அது தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. விரிந்து இறுக்கும் ஆங்கருக்குப் பதில் பசையில் நிறுத்திய கம்பியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பசை துளையை முழுக்க நிரப்புவதால் நீருக்கு இடைவெளி கிடைப்பதில்லை, மெல்லிய தளத்தை நெம்பி வெடிக்கவைப்பதும் இல்லை.

வெளிப்பட்ட தளத்தைக் கொத்திவிட்டுக் கழுவி, பாலிமர் கலந்த சிமெண்ட் பாலைப் பூசி, அது காய்வதற்குள் சிறு ஜல்லிக் கான்கிரீட்டைக் கொட்டினார்கள். பூச்சு காய்ந்துபோனால் அதுவே பிரிக்கும் படலமாகிவிடும். மேடையின் உயரம் ஓட்டு மட்டத்திலிருந்து 6 அங்குலம், தலை லேசாக வெளிப்பக்கம் வாட்டமாக. காலைப் பிடிக்கும் போல்ட்டுகளை மேடைக்குள்ளேயே நிறுத்தி வார்த்துவிட்டதால் பிறகு டிரில் பிடிக்கும் தேவையே இல்லை. ஏழு நாள் நீர் ஊற்றி ஆறவிட்டார்கள். பிறகு மேடையைச் சுற்றித் திறந்திருந்த தளத்திலும் மேடையின் பக்கங்களிலும் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை. குழியை நிரப்பி, ஓட்டைத் திரும்பப் பதித்து, ஓடும் மேடையும் சேரும் மூலையில் இரண்டு அங்குலத்துக்குச் சாய்வாகக் கலவை வைத்து, அதன் மேலும் ஒரு பூச்சு. பழைய 24 துளைகளில் மேடைக்குள் போகாதவற்றின் ஓடுகளைப் பெயர்த்துப் புது ஓடே போட்டோம்.

ஒழுகாது என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், சோதிக்கலாம். மேடையைச் சுற்றிக் களிமண்ணாலோ கலவையாலோ பாத்தி கட்டி, இரண்டு அங்குலம் நீர் நிறுத்தி 48 மணி நேரம் விடவேண்டும். பக்கத்திலேயே ஒரு தட்டையான பாத்திரத்தில் அதே அளவு நீர் வையுங்கள். வெயிலில் ஆவியாவது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பாத்தியில் மட்டும் மட்டம் கணிசமாக இறங்கினால் நீர் எங்கோ போகிறது. ஏற்கெனவே ஒழுகும் வீட்டிலும் இதே முறைதான். மாடி நன்றாகக் காய்ந்த பிறகு, வாட்டத்தின் தாழ்ந்த பக்கக் காலில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு பாத்தி மட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிரப்பினால் குற்றவாளி தெரியாது.

சீமை ஓடு வேய்ந்த சரிவுக் கூரைக்குக் கணக்கு வேறு. அங்கே ஓட்டைத் துளைக்கவே கூடாது. ஓட்டைத் தூக்கி, அடியிலுள்ள கைமரத்தில் கொக்கியைத் திருகி, இரண்டு ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடைவெளி வழியாக அதை வெளியே எடுக்க வேண்டும். கொக்கி ஓட்டின்மேல் அழுந்தாமல் சில மில்லிமீட்டர் விட்டு நிற்கவேண்டும். இல்லாவிட்டால் முதல் பெருங்காற்றில் அதுவே ஓட்டை உடைக்கும். மேல் ஓடு சரியாக உட்காரவில்லை என்றால், அதன் அடிப்பக்க விளிம்பைக் கொக்கியின் அளவுக்குத் தேய்த்து எடுப்பார்கள். ரீப்பரில் திருகுவது பிழை, அந்தக் கட்டைக்கு அவ்வளவு பலம் கிடையாது.

மின்கம்பியைக் கீழே இறக்க மாடித் தளத்தில் ஒரு துளை போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். கைப்பிடிச் சுவர் வழியாக வெளியே எடுத்து, சுவரோரமாக இறக்கலாம். சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் கம்பியைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், அதில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஒப்பந்தம் போடும்போது பலகைக்கும் இன்வெர்ட்டருக்கும் எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்பவர்கள் தளத்துக்குக் கேட்பதில்லை. ஒழுகினால் சோலார்காரர் கொத்தனாரைக் காட்டுவார், கொத்தனார் சோலார்காரரைக் காட்டுவார். மேடையும் நீர்த்தடுப்பும் 48 மணி நேரச் சோதனையும் ஒருவர் பொறுப்பிலேயே இருக்கும்படி எழுதி வாங்குங்கள். கான்கிரீட் கொட்டி மூடுவதற்கு முன், ஒவ்வொரு குழியையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி உண்மையில் கான்கிரீட்டில்தான் இறங்கியிருக்கிறதா என்று பிறகு வேறு எப்படியும் பார்க்க முடியாது.