இன்னும் எவ்வளவு மிச்சம்?

"எவ்வளவு முடிஞ்சிருக்கு?" என்று கேட்டால், மென்பொருள் குழுக்களில் பெரும்பாலும் "எண்பது பர்சன்ட்" என்று பதில் வரும். அடுத்த வாரமும் அதே பதிலே வரலாம். யாரும் பொய் சொல்வதில்லை. முடித்ததை எண்ணுவது எல்லோருக்கும் சுலபம், முன்னால் கிடப்பதை எண்ணத்தான் மனம் வராது.

பர்ன்-டவுன் சார்ட் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போடுகிறது: இன்னும் எவ்வளவு மிச்சம்? ஸ்க்ரம் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் ஷ்வேபர், அமெரிக்காவின் ஃபிடெலிட்டி நிதி நிறுவனத்தில் பணியாற்றியபோது வகுத்த வரைபடம் இது. கீழே நாட்கள், பக்கவாட்டில் மிச்ச வேலை, அவ்வளவுதான். தொடக்கத்தின் முழு அளவிலிருந்து கெடு நாளின் சுழியம் வரை ஒரு சாய்கோடு போட்டுவிடுவார்கள். உண்மையான கோடு அதற்கு மேலே ஓடினால் தாமதம், கீழே ஓடினால் முன்னேற்றம்.

சுவரில் ஒட்டிய ஒரு தாளும் பேனாவும் போதும். கடினம் அன்றன்றைக்கு எழுதும் எண்ணில்தான் இருக்கிறது. ஒரு டெவலப்பர் 8 மணி நேரம் ஆகும் என்று கணித்த வேலையில் 6 மணி நேரம் உழைத்துவிட்டார். மிச்சம் 2 என்று எழுதத்தான் கை போகும். ஆனால் வேலையில் இறங்கிய பிறகுதான் பழைய தரவுகளையும் மாற்றியாக வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது, இன்னும் 7 மணி நேரம் வேண்டும். அப்படியானால் 7 என்றே எழுத வேண்டும். உழைத்த நேரத்தைக் கழித்துக்கொண்டே வருகிற குழுவின் கோடு அழகாக இறங்கும், கடைசி வாரத்தில் குழுவைக் கைவிட்டுவிடும்.

மணிக்கணக்குக்குப் பதிலாக, வேலையின் பருமனைக் காட்டும் பாயிண்ட் கணக்கு வைப்பவர்களும் உண்டு. மருத்துவமனைக்கு முன்பதிவுச் செயலி செய்யும் ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். மொத்த வேலை 120 பாயிண்ட், காலம் 12 வாரம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் என்று 6 ஸ்பிரிண்ட். ஒவ்வொன்றிலும் 20 முடிந்தால் சரியாகக் கரை சேரலாம்.

முதல் ஸ்பிரிண்டில் 16 முடிந்தது, மிச்சம் 104. இரண்டாவதிலும் 16, மிச்சம் 88. மூன்றாவது முடிவில் 72 இருந்திருக்க வேண்டும். வரைபடத்தில் இருப்பதோ 82.

குழு அசந்துவிட்டதா? இல்லை. அந்த இரண்டு வாரத்திலும் 16 பாயிண்ட் முடித்திருக்கிறார்கள். நடுவில் மருத்துவமனைத் தரப்பு, முன்பதிவை ரத்து செய்தால் பணம் திரும்பும் வசதி வேண்டும் என்று கேட்டதில் 10 பாயிண்ட் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. சாதாரணக் கோட்டில் இந்த இரண்டும் கலந்துபோகும். இதுதான் இந்த வரைபடத்தின் பெரிய குறை. இதனால் நன்றாக உழைத்த குழுக்கள் அநியாயமாகத் திட்டு வாங்குகின்றன. கோட்டுக்குப் பதில் பட்டைகளாக வரைந்தால் இது தீரும்: முடிந்த வேலைக்குப் பட்டையின் மேல்பக்கம் குறையும், புதிதாகச் சேர்ந்தது சுழியத்துக்குக் கீழே நீளும். யாரால் எவ்வளவு என்பது பார்த்தவுடன் புரியும்.

கோடு பல நாள் படுத்தே கிடந்து கடைசி நாளில் மட்டும் செங்குத்தாக விழுந்தால், வேலைகளைப் பெரிய பெரிய துண்டுகளாக வைத்திருக்கிறார்கள், அல்லது டெஸ்டிங்கைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறார்கள் என்று பொருள். டெஸ்டிங் தாண்டாத வேலைக்குப் பாதி பாயிண்ட் கொடுக்கிற வழக்கமே கூடாது. முடிந்தால் முழு பாயிண்ட், முடியாவிட்டால் சுழியம்.

இப்போது ஆறாம் வாரக் கணக்கைப் போடலாம். ஸ்பிரிண்டுக்கு 16 என்ற வேகத்தில், மிச்சமுள்ள மூன்று ஸ்பிரிண்டில் 48 முடியும். 82-இல் 34 நிற்கும். அதை முடிக்க, இனி எதுவும் புதிதாகச் சேராவிட்டாலும், நான்கு வாரத்துக்குச் சற்று மேலாகும். ஆள் சேர்த்தால் ஓடிவிடும் என்று சிலர் நினைப்பார்கள். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்ப்பது அதை மேலும் தாமதமாக்கும் என்று ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பழையவர்களின் நேரம் போய்விடும்.

ஆக, தேதியைத் தள்ள வேண்டும், அல்லது 34 பாயிண்டைக் கைவிட வேண்டும். எதைச் செய்வது என்பதை மருத்துவமனைத் தரப்புதான் சொல்ல முடியும். அதனால் அந்தத் தாளை அன்றைக்கே அவர்கள் முன் வைத்துவிடுங்கள். நோயாளிகளின் கருத்துப் பக்கத்தையும் மாதாந்திர அறிக்கையையும் ஆறாம் வாரத்தில் விட்டுவிடலாம், இன்னும் யாரும் அவற்றைத் தொடவில்லை. பதினோராம் வாரத்தில் அவையும் பாதி கட்டி நிற்கும்.