ஓதம் ஓரிடம், ஓட்டை வேறிடம்

படுக்கையறைச் சுவரில், தரையை ஒட்டிப் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. விரலால் சுரண்டினால் பட்டி மாவாக உதிர்கிறது. ஈரத்தின் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. சுவருக்கு மறுபக்கம் குளியலறை. வேலைக்கு வந்தவர் மிகவும் நனைந்திருக்கும் இடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்கதான் சார் லீக்கு, உடைச்சுப் பார்த்துடலாம்" என்கிறார். உடைத்தால் அங்கே பைப்பே இல்லை. ஓரடி மேலே உடைக்கிறார்கள், பிறகு இரண்டடி தள்ளி உடைக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் பாதிச் சுவர் போய்விடுகிறது. கடைசியில் கசிவு கண்ணில் பட்டாலும், அதே மாதிரி டைல்ஸ் இன்று கடையில் கிடைக்காது.

இந்த உடைப்பில் பெரும்பகுதி தேவையற்றது. நீர் வெளியே தெரியும் இடமும் பைப்பை விட்டு அது வெளியேறும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. சுவரில் காடி வெட்டிப் பைப்பை வைத்து அதன் மேல் கலவையால் அடைத்திருப்பார்கள். பைப்பைச் சுற்றி அந்தக் கலவை முழுதாக நிரம்புவது அரிது. ஓர் எல்போவில் கசியும் நீர் அந்த இடுக்கு வழியே பைப்பை ஒட்டிக் கீழே இறங்கும். தளத்தை அடைந்ததும் பக்கவாட்டில் பரவி, ஸ்கர்ட்டிங் அருகே செங்கலில் ஊறி மேலே ஏறும். வழியில் மின்கம்பிக் குழாய் குறுக்கிட்டால் அதற்குள் புகுந்து வேறொரு சுவரின் சுவிட்ச் பெட்டியில்கூட வெளிப்படும். அப்படி வந்தால் முதல் வேலை, அந்த இணைப்புக்கான மின்சாரத்தை நிறுத்துவது.

உப்பு பூத்த இடத்தைக் கசிவின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். நீர் ஆவியாகும் இடத்தில்தான் உப்பு படியும். அது ஈரத்தின் எல்லையைக் காட்டுமே தவிர மூலத்தைக் காட்டாது.

முதலில் தெரியவேண்டியது, இது அழுத்தத்தில் நீர் நிற்கும் பைப்பின் கசிவா அல்லது கழிவுநீர், டைல்ஸ் இடுக்கு வழியாக வரும் கசிவா என்பது. ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டுப் பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். வீட்டில் யாரும் இல்லாமல் நான்கு நாள் குளியலறை உபயோகப்படாதபோதும் கோட்டைத் தாண்டி ஈரம் வளர்ந்தால் சந்தேகம் தண்ணீர் லைன் மேல் விழும். உபயோகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் கழிவு பைப்பும் டைல்ஸ் இடுக்கும் முதலில் வரும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. மிக்சரிலிருந்து ஷவருக்கு மேலே போகும் பைப்பில் குளிக்கும்போது மட்டுமே நீர் இருக்கும். அதில் ஓட்டை இருந்தால் அதுவும் கழிவுநீர்க் கசிவைப் போலவே நடந்துகொள்ளும்.

மாடித் தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களையும் மூடி, காலையில் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது நமக்குப் பழகிய வழி. பெரிய கசிவுக்கு இது போதும். சிறு கசிவு இதில் தப்பிவிடும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் சுமார் நான்கு லிட்டர், இரவு எட்டு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கும் குறைவு. ஒரு மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கவே ஏறக்குறைய எட்டு லிட்டர் போகவேண்டும். ஒன்றரை லிட்டருக்கு மட்டம் இரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கும். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் அந்த ஒன்றரை லிட்டர் நாள்தோறும் செங்கலுக்குள் போனால் சுவர் தாங்காது.

பிரஷர் கேஜுக்கு இந்தச் சிரமம் இல்லை. நீர் கிட்டத்தட்ட அமுங்காத பொருள். இருபது மீட்டர் நீளமுள்ள முக்கால் அங்குல சிபிவிசி பைப்பில் ஐந்து லிட்டர் நீர்தான் இருக்கும். அதை மூடி அழுத்தம் ஏற்றிய பிறகு ஒரு டீஸ்பூன் நீர் வெளியேறினாலே முள் இரண்டு கிலோ அளவுக்கு இறங்கிவிடும். தொட்டி ஓர் இரவு முழுக்கச் சொல்லாததை, கையால் அடிக்கும் டெஸ்ட் பம்பும் அதன் மேலுள்ள கேஜும் சில நிமிடங்களில் சொல்லிவிடும்.

சென்னையில் வழக்கமான ஓர் அடுக்குமாடியை எடுத்துக்கொள்வோம். தரைத்தளமும் அதன் மேல் மூன்று மாடிகளும் கொண்ட கட்டடம், அதில் முதல் மாடி வீடு. தொட்டியின் நீர்மட்டம் அந்த வீட்டுக் குழாய்களுக்குச் சுமார் பத்து மீட்டர் மேலே இருக்கிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ என்பது கணக்கு. ஆகவே அந்தப் பைப்புகள் அன்றாடம் தாங்குவது ஒரு கிலோ அழுத்தம். சோதனைக்கு நான்கு கிலோ போதும். நல்ல நிலையில் உள்ள சிபிவிசி இதைப்போலப் பலமடங்கைத் தாங்கும். துருவேறிய பழைய ஜிஐ லைனில் அதிகமாக ஏற்றினால் இதுவரை கசியாத மரைகளும் விட்டுவிடக்கூடும்.

வெந்நீர், தண்ணீர் என்று இரண்டு லைன்களையும் தனித்தனியாகச் சோதிக்கவேண்டும். மிக்சரின் உள்ளே இரண்டும் கலக்க வழியிருப்பதால் அதைக் கழற்றி இரண்டு பாயின்ட்டுகளிலும் டம்மி போடவேண்டும். கீஸரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு ஹோஸ்களையும் விடுவிக்கவேண்டும். வாஷ்பேசினின் ஆங்கிள் காக்கைக் கழற்றி அந்தத் தாழ்வான பாயின்ட்டில் பம்பைப் பொருத்தவேண்டும். மேலே கீஸர் பாயின்ட்டைத் திறந்துவைத்து, குமிழி இல்லாமல் நீர் வழியும்வரை பம்ப் அடித்தபிறகே அதை மூடவேண்டும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இந்தக் காற்றை வெளியேற்றும் வேலையைத்தான். பைப்புக்குள் காற்று தங்கினால் அது ஸ்பிரிங் போல அமுங்கிக் கிடந்து, போகும் நீரின் இடத்தை விரிந்து நிரப்பும். ஓட்டை இருந்தும் முள் மெதுவாகவே இறங்கும்.

பிளாஸ்டிக் பைப் முதலில் சற்று விரிவதால் தொடக்கத்தில் கொஞ்சம் அழுத்தம் குறைவது இயல்பு. கால்மணி நேரம் கழித்து மறுபடி நான்கு கிலோவுக்கு ஏற்றி, அதன் பிறகே கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். வெந்நீர் லைன் ஆறியிருக்கவேண்டும். சூடு தணியும்போதும் முள் இறங்கும். காற்று கம்பிரஸரால் சோதிக்க யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அழுத்திய காற்றில் பிளாஸ்டிக் உடைந்தால் துண்டுகள் தெறித்து ஆளைக் காயப்படுத்தும்.

நம் வீட்டில் தண்ணீர் லைனின் முள் நான்கிலிருந்து இறங்கி ஒன்றில் நின்றுவிட்டது. ஓட்டை இங்கேதான் என்று உளியை எடுக்கக்கூடாது. உண்மையான ஓட்டை என்றால் முள் பூஜ்ஜியம் நோக்கிப் போகும். ஒன்றில் நிற்கக் காரணம், அது தொட்டியின் அழுத்தம். மொட்டை மாடியிலுள்ள கேட் வால்வ் சரியாக மூடாமல், ஏற்றிய அழுத்தம் தொட்டிக்குள் திரும்பியிருக்கிறது. வால்வை நம்பாமல் குளியலறைக்குள் வரும் இணைப்பைக் கழற்றி அங்கே டம்மி போட்டுச் சோதித்தபோது, முள் ஒரு மணி நேரமும் நான்கிலேயே நின்றது. தண்ணீர் லைன் நல்ல லைன். வெந்நீர் லைனிலோ பத்து நிமிடத்தில் நான்கு ஒன்றாகி, அதையும் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தது.

லைன் தெரிந்துவிட்டது, இடம் தெரியவில்லை. அந்த லைன் ஏழடி உயரத்தில் கீஸர் பாயின்ட்டில் தொடங்கி, மூன்றேகால் அடியில் மிக்சருக்கு வந்து, இரண்டடியில் வாஷ்பேசினில் முடிகிறது. இங்கே கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் டியூப் உதவும். பம்பைக் கழற்றிவிட்டு வாஷ்பேசின் பாயின்ட்டில் கண்ணாடி போன்ற டியூபைப் பொருத்திச் சுவரோடு நிமிர்த்திக் கட்டவேண்டும். லைனை நிரப்பி, மேலே கீஸர் பாயின்ட்டைத் திறந்தே விடவேண்டும். நீர் ஓட்டை வழியே இறங்கி, ஓட்டையின் உயரம் வந்ததும் நின்றுவிடும். மறுநாள் காலை டியூபில் மட்டம் மூன்றேகால் அடிக்குச் சற்றே மேலே நின்றது. மிக்சரின் உயரம் அதுதான்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. அழுத்தத்தில் மட்டும் வாய் திறக்கும் மயிரிழை விரிசல் இதில் பிடிபடாது. இரண்டு ஓட்டைகள் இருந்தால் தாழ்வானதையே காட்டும். அப்போது மறுபடி நான்கு கிலோ ஏற்றி, இரவின் அமைதியில் நீண்ட திருப்புளியின் முனையைச் சுவரில் ஊன்றிப் பிடியில் காதை வைத்துக் கேட்கிறார்கள் அனுபவப்பட்ட பிளம்பர்கள். சீறல் வலுக்கும் இடம் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். ஈரமானியோ தெர்மல் கேமராவோ வைத்திருப்பவர்களும் உண்டு. அவை ஈரத்தின் பரப்பை அழகாகக் காட்டும். எந்த லைன் என்று சொல்ல அவற்றுக்குக் கேஜின் துணை வேண்டும்.

மிக்சரின் வெந்நீர் பாயின்ட்டில் கப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் எல்போவைச் சுற்றிய கலவை கறுத்து நனைந்திருக்கிறது. பித்தளை மரை பதித்த பிளாஸ்டிக் எல்போ அது. டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றி மிக்சரை முறுக்கி ஏற்றும்போது, பித்தளையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் விரிசல் விழும். மறைந்த பைப்களில் கசிவைத் தேடத் தொடங்கவேண்டிய இடம் இத்தகைய மரை இணைப்புகளே. சுவருக்குள் நேராகப் போகும் முழுப் பைப் தானாகக் கசிவது அபூர்வம். டவல் கம்பிக்கு டிரில் போட்ட இடம் மட்டும் இதற்கு விலக்கு. அந்த ஸ்குரூவே ஓட்டையை அடைத்துக்கொண்டு பல காலம் இருந்து, துருப்பிடித்த பிறகு கசியவிடும்.

இனி உடைக்கலாம், ஒரே இடத்தில். நாலரை அங்குலச் சுவர் என்றால் படுக்கையறைப் பக்கத்திலிருந்து உடைப்பதே என் தேர்வு. அங்கே பூச்சும் பெயின்ட்டும்தான் போகும், டைல்ஸும் அதன் பின்னுள்ள நீர்த்தடுப்பும் தப்பிக்கும். ஒன்பது அங்குலச் சுவரில் இது கைகூடாது, ஒரு டைலைத் தியாகம் செய்தே தீரவேண்டும். எட்டு அங்குலச் சதுரம் குறித்து, ஓரங்களைக் கட்டர் மெஷினால் வெட்டிவிட்டு உள்ளே சிறு உளியால் பெயர்க்கவேண்டும். சம்மட்டி அதிர்ச்சி பக்கத்து ஜாயின்ட்டுகளையும் ஆட்டிவிடும். எல்போவை வெட்டியெடுத்து, பைப்பை ஈரமில்லாமல் துடைத்து, புதிய எல்போவையும் கப்ளிங்கையும் சால்வென்ட் சிமெண்ட்டால் ஒட்டி ஒருநாள் விடவேண்டும். பிறகு சுவர் திறந்திருக்கும்போதே மறுபடி நான்கு கிலோ. முள் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால்தான் பூச்சு.

இரண்டு லைன்களிலும் முள் நின்றுவிட்டால் பைப்பை மறந்துவிடுங்கள். நஹானி டிராப்பை அடைத்து, தரையில் ஓரங்குலம் சாய நீர் தேக்கி ஒரு நாள் வைத்து, சாயம் மறுபக்கம் வருகிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. பழைய ஜிஐ லைனில் ஒரு மரை துருவால் போயிருந்தால் மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும். அங்கே ஓட்டை தேடுவது வீண். அந்த லைனை அடைத்துவிட்டு வெளிச்சுவரில் புதிய லைன் இழுப்பதே சிக்கனம்.

கசிவு நின்றதும் பெயின்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். ஓர் அங்குலச் சுவர் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களின் தோராயக் கணக்கு, அதுவும் ஒரு பக்கம் டைல்ஸ் மூடியிருந்தால் ஈரம் மறுபக்கமாக மட்டுமே வெளியேறவேண்டும். கெட்டுப்போன பட்டியைச் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். நீரால் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போகும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கும் குளியலறையை மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பூச்சு வேலைக்கு முன் எல்லா லைன்களையும் டம்மி போட்டு, ஒரு நாள் முழுக்க அழுத்தத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றே டேப்பைச் சுவரோடு பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் தூரம் தெரியும்படி ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து, வீட்டுப் பத்திரங்களோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.