பெட்டிக்குள் ஒரு எண்

2007 பிப்ரவரியில் நியூயார்க்கில், டல்லாஸிலிருந்து வந்திருந்த ஒரு பெண் டாக்ஸியிலிருந்து இறங்கினார். கட்டணத்துக்கு மேல் 30 சென்ட் டிப்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். டிக்கியில் அவருடைய பெட்டி தங்கிவிட்டது. வங்கதேசத்தில் பிறந்த அந்த ஓட்டுநர், அடுத்து ஏறியவர்களின் சாமான்களை வைக்கப் போனபோதுதான் அதைக் கண்டார்.

பெட்டியை நேராகத் தங்கள் டாக்ஸித் தொழிலாளர் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்தவர்களோடு சேர்ந்து திறந்து பார்த்தால், உள்ளே 31 வைர மோதிரங்கள். அவர்கள் தேடியது மோதிரங்களை அல்ல, சொந்தக்காரரின் அடையாளத்தை. டல்லாஸ் தொலைபேசி எண் ஒன்று கிடைத்தது. அழைத்தார்கள். எடுத்தவர் அந்தப் பெண்ணின் தாய். அவர் மூலம் மகளுக்குத் தகவல் போனது, பெட்டியும் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் கொடுத்த 100 டாலரை, அலைந்த நேரத்தில் போன சவாரிக்கு ஈடாக மட்டுமே ஓட்டுநர் ஏற்றுக்கொண்டார். அதை ஏற்றதில் தவறே இல்லை. அந்த ஊரில் பல ஓட்டுநர்கள் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர்கள். சவாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகையைக் கட்டியாக வேண்டும்.

பயணியே ஓட்டுநரைத் தேடவும் வழி உண்டு. நியூயார்க்கின் மஞ்சள் டாக்ஸி ஒவ்வொன்றுக்கும் தனி உரிம எண் இருக்கிறது, ரசீதிலும் அது அச்சாகும். 1999-இல் இசைக் கலைஞர் யோ-யோ மா, 1733-இல் செய்யப்பட்ட தன் செல்லோ வாத்தியத்தை டாக்ஸி டிக்கியில் மறந்துவிட்டார். ரசீது கையில் இருந்ததால் போலீசார் அன்றே வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ரசீது இல்லையென்றால், ஒரே நிறத்தில் ஓடும் ஆயிரக்கணக்கான வண்டிகளில் எதைத் தேடுவது?

ஓட்டுநரின் நிலையோ இன்னும் கடினம். கையைக் காட்டி ஏறி, காசு கொடுத்து இறங்கியவரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. பெட்டிக்குள் இருப்பதுதான் அவருக்கு ஒரே துப்பு. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், உள்ளே எண் இல்லையென்றால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

டல்லாஸ் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, எடுத்துப் பேசியவர் தாய் என்பதுதான். நம்மில் பலர் பையில் சொந்த கைபேசி எண்ணையே எழுதி வைக்கிறோம். பையோடு கைபேசியும் போயிருந்தால், ஓட்டுநர் அழைக்கும்போது மணி அந்தப் பைக்குள்ளேயேதான் அடிக்கும். வெளியே தொங்கும் அட்டை அறுந்து விழுந்துவிடலாம். வீட்டு முகவரியும் வேண்டாம், பை யார் கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்த பயணத்துக்கு முன் ஒரு தாளில் உங்கள் பெயரையும், வீட்டில் தவறாமல் போனை எடுக்கும் ஒருவரின் எண்ணையும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். வெளிநாடு போனால் எண்ணுக்கு முன் +91 சேர்த்துக்கொள்ளுங்கள். பையைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் அதை வையுங்கள். அந்த எண்ணுக்கு உரியவரிடமும், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கச் சொல்லி வையுங்கள்.