மனச்சோர்வு மாத்திரையால் செக்ஸ் ஆர்வம் குறையுதா? டாக்டரிடம் இப்படிக் கேளுங்க!

ஒரு உதாரணம். 29 வயது ஐ.டி. ஊழியர் மனச்சோர்வுக்கு தினமும் செர்ட்ராலின் 100 மி.கி. சாப்பிடுகிறார். மனசு தேறிவிட்டது. ஆனால் செக்ஸ் ஆர்வம் குறைந்து, உச்சம் அடைவதும் சிரமமாகிவிட்டது. சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினார். சில நாளிலேயே தலைச்சுற்றல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு.

ஏன் இப்படி?

இந்த வகை மாத்திரைகள் மூளையில் செரட்டோனின் செயல்பாட்டைக் கூட்டுகின்றன. அதுவே பாலுணர்வை மந்தமாக்கலாம். ஆண், பெண் இருவருக்குமே இது வரும்.

எப்படிக் கேட்பது?

"டாக்டர், மாத்திரைக்கு முன்னாடி இந்தப் பிரச்சினை இல்லை. ஆரம்பிச்ச மூணாவது வாரத்துல இருந்து ஆர்வம் குறைஞ்சிருக்கு, உச்சமும் வரலை. என்ன பண்ணலாம்?" இவ்வளவு போதும். மனச்சோர்வே ஆர்வத்தைக் குறைக்கும் என்பதால், எப்போது தொடங்கியது என்பதுதான் டாக்டருக்கு முக்கியத் துப்பு.

என்ன வழிகள்?

நோய் கட்டுக்குள் இருந்தால் டோஸைக் குறைத்துப் பார்க்கலாம். அல்லது இந்தப் பாதிப்பு குறைவாக உள்ள புப்ரோபியான், மிர்டாசபின் போன்றவற்றுக்குப் படிப்படியாக மாறலாம். மிர்டாசபினில் தூக்கமும் எடையும் கூடலாம்.

இப்போதைய மாத்திரை நன்றாக வேலை செய்தால், அதோடு புப்ரோபியானைச் சேர்ப்பதும் உண்டு. வலிப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது. விறைப்புப் பிரச்சினை என்றால் சில்டெனாபில் உதவலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

எந்த வழியானாலும், டாக்டர் சொல்லும் வரை பழைய மாத்திரையை நிறுத்தாதீங்க.