எள் சீரகமாகிவிடாமல் படத்தைப் பெரிதாக்குவது

“இதைவிடப் பெரிய ஃபைல் இல்லையா அண்ணே?”

“இதுதான் தம்பி வந்துச்சு. போன்ல பார்த்தா பளிச்சுன்னு இருக்கே!”

சிறு அச்சகங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. செக்கு நல்லெண்ணெய் விற்கும் ஒருவர், பாட்டிலை ஏஐ செயலியில் படமாக உருவாக்கிக்கொண்டு வந்திருப்பார். மரப்பலகை மேல் பாட்டில், பக்கத்தில் சிதறிய எள், பின்னால் காலை வெயில். ஏ5 அளவு நோட்டீஸில் அகலம் முழுக்க அந்தப் படம் வர வேண்டும் என்பது அவர் ஆசை. டிசைனர் அதைப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் பாட்டிலின் ஓரம் படிக்கட்டு போலத் தெரிகிறது. லேபிளில் இருப்பது தமிழா வேறு மொழியா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் பலர் செய்வது ஒன்றுதான். நான்கு மடங்கு பெரிதாக்கித் தரும் ஒரு ஏஐ செயலியில் படத்தைப் போடுகிறார்கள். அரை நிமிடத்தில் கண்ணாடி போலத் தெளிந்த படம் வந்துவிடுகிறது. ஆனால் அதில் இருப்பது அவருடைய பாட்டில்தானா என்று யாரும் பார்ப்பதில்லை.

முதலில் கணக்கு. இப்படிப்பட்ட படங்கள் பெரும்பாலும் 1024 பிக்சல் அகலம், 1024 பிக்சல் உயரம் கொண்டவை. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பது எல்லா அச்சகத்திலும் சொல்லும் எண். அது எங்கிருந்தோ வந்த விதியல்ல. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுட்பத்தைத்தான் நல்ல கண்ணால் பிரித்துப் பார்க்க முடியும். நோட்டீஸைக் கையில் பிடித்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் படிக்கும்போது அது அங்குலத்துக்கு ஏறக்குறைய 290 புள்ளிகள் ஆகிறது. அதே படத்தை 3 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் ஃப்ளெக்ஸில் போட்டால் 29 போதும். ஆகவே மூன்றடி ஃப்ளெக்ஸுக்கு இந்த 1024 பிக்சல் ஏறக்குறைய தாக்குப்பிடிக்கும். உள்ளங்கையில் அடங்கும் நோட்டீஸுக்குத்தான் போதாது. கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், ஆனால் உண்மை இதுதான்.

ஏ5 தாளின் அகலம் 148 மில்லிமீட்டர். வெட்டும்போது விளிம்பில் வெள்ளை தெரியாமலிருக்க இருபுறமும் 3 மில்லிமீட்டர் சேர்த்தால் 154. அதற்கு 300 வீதம் ஏறக்குறைய 1820 பிக்சல் தேவை. கையில் இருப்பது 1024. அதாவது இரண்டு மடங்குகூட வேண்டாம், 1.78 மடங்கு போதும். ஆஃப்செட்டில் பொதுவாக உள்ள 150 வரி ஸ்கிரீனுக்கு அங்குலத்துக்கு 225 பிக்சல் இருந்தாலே நன்றாக வரும் என்பார்கள் அனுபவசாலிகள். அப்படியானால் 1.33 மடங்கு. இந்தக் கணக்கைப் போடாமல் நான்கு மடங்குக்குத் தாவுவதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

ஏனென்றால், படத்தை நீள அகலத்தில் இரண்டு மடங்காக்கினால் ஒரு பிக்சல் இருந்த இடத்தில் நான்கு வேண்டும். அவற்றில் மூன்று ஊகம். நான்கு மடங்காக்கினால் பதினாறில் பதினைந்து ஊகம். போட்டோஷாப்பின் Image Size பெட்டியில் Resample குறியை எடுத்துவிட்டு 72 என்ற எண்ணை 300 ஆக மாற்றினால் ஊகமே இருக்காது. ஆனால் பிக்சலும் கூடாது, அச்சில் படம்தான் 8.7 சென்டிமீட்டராகச் சுருங்கும்.

ஊகிப்பதில் இரண்டு வகை உண்டு. பைகியூபிக், லான்சோஸ் போன்ற பழைய முறைகள் அக்கம்பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைக் கணக்கிட்டு இடைவெளியை நிரப்புகின்றன. படம் மென்மையாகிவிடும். ஓரங்களில் மெல்லிய ஒளிவட்டம் வரலாம். ஆனால் இல்லாத பொருளை அவை வரைவதில்லை. 2021-இல் வந்த ரியல்-ஈஎஸ்ஆர்கான் போன்ற, கற்றுக்கொண்ட மாடல்கள் வேறு வழியில் போகின்றன. எண்ணற்ற படங்களில் எந்த மங்கலுக்குப் பின்னால் எந்த வடிவம் இருந்தது என்று பழகிவைத்து, இங்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று வரைந்துவிடுகின்றன.

பலகை மேல் கிடக்கும் எள்ளைப் பாருங்கள். 1024 பிக்சல் படத்தில் ஒரு எள் ஐந்தாறு பிக்சல் நீளம்தான் இருக்கும். ஒரு பக்கம் கூராக, மறுபக்கம் உருண்டையாக இருப்பது அதில் அரைகுறையாகத்தான் தெரியும். மாடல் அதைப் பெரிதாக்கும்போது இரண்டு முனையையும் கூராக்கி, நடுவே ஒரு கோடும் போட்டுவிட்டால் அது சீரகம். எள்ளெண்ணெய் நோட்டீஸில் சீரகம்! மூடியிலும் இதே கதை நடக்கும். பிடித்துத் திருக வசதியாக மூடியைச் சுற்றி வரிவரியாகப் பள்ளம் இருக்கும். படத்தின் நடுவில் அந்த வரிகள் அகலமாகத் தெரியும். ஓரம் போகப்போக நெருங்கி, ஒரு வரிக்கு இரண்டு பிக்சல்கூட இல்லாமல் கலந்துவிடும். அந்த இடத்தில் எத்தனை வரி இருந்தது என்ற தகவல் கோப்பிலேயே இல்லை. மாடல் தன் விருப்பத்துக்கு வரி போடும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். படமே உருவாக்கியதுதானே, அதில் எது உண்மை, எது புதிது? விடை, உண்மைக்கு இரண்டு சாட்சி வைத்துக்கொள்வதுதான். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, பாட்டில் எங்கே நிற்கிறது என்பதற்கு முதல் கோப்பு சாட்சி. மூடி, கழுத்து, லேபிள், எண்ணெயின் நிறம் ஆகியவற்றுக்கு மேசை மேல் வைத்த நிஜ பாட்டில் சாட்சி. முதல் படத்திலேயே கழுத்தில் இல்லாத தங்க வளையம் ஒன்று முளைத்திருந்தால், அதை அழிப்பதும் சுத்தம் செய்யும் வேலையில் சேர்த்தி.

வேலையின் வரிசை முக்கியம். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த நகலை விட்டுவிட்டு, செயலி முதலில் தந்த கோப்பையே கேட்டு வாங்க வேண்டும். ஜேபெக் கோப்பு 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக அழுத்தப்படுவதால், ஓரங்களைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல அழுக்கு படிந்திருக்கும். பெரிதாக்கிய பிறகு அதைத் துடைக்க முடியாது. மாடல் அந்த அழுக்கையும் மரத்தின் ரேகை என்று நினைத்துக் கூர்மையாக்கிவிடும். ஆகவே துடைப்பு முதலில். அதிலும் நிறத் திட்டுகளைத் தாராளமாக மென்மையாக்கலாம், வெளிச்ச நிழலைத் தொடும்போது கை கட்டுப்பட வேண்டும். நிறம் சற்றுக் கலங்கினால் கண் பொறுத்துக்கொள்ளும், வெளிச்சத்தின் ஓரம் கலங்கினால் பொறுக்காது.

அடுத்தது லேபிள். இதில் சமரசம் கூடாது. ‘நல்லெண்ணெய்’ என்ற சொல்லில் ஒரு புள்ளி கரைந்தாலும், ண வேறு எழுத்தாக மாறினாலும் எந்த மாடலும் அதைச் சரியாக மீட்டுத் தராது. எழுத்து போன்ற ஒரு கிறுக்கலைத் தெளிவாக வரைந்து தரும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணில் 3, 8 ஆகிவிட்டால் அது வேறு யாருடைய எண்ணாகவும் இருக்கலாம். எனவே லேபிள் பகுதி முழுவதையும் வெற்றாக்கிவிட்டு, லேபிள் அடித்த அச்சகத்திடம் உள்ள கோரல் டிரா கோப்பைக் கேட்டு வாங்கி, பாட்டிலின் வளைவுக்கு ஏற்ப வளைத்து ஒட்ட வேண்டும். அது வெக்டர் கோப்பு என்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து உடையாது. பாட்டிலில் விழும் நிழலையும் பளபளப்பையும் அதன் மேல் ஒரு அடுக்காகப் படியவிட்டால், ஒட்டியது போலத் தெரியாது.

அதன் பிறகே பெரிதாக்குவது. ஒரே கோப்பை இரண்டு விதமாக இரு மடங்காக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பது நல்ல வழி. கீழே பைகியூபிக் நகல், மேலே மாடல் தந்த நகல். மேல் நகலை முழுக்க மறைத்துவிட்டு, பாட்டிலின் வெளிக்கோடு, பலகையின் விளிம்பு போன்ற ஐயமில்லாத ஓரங்களில் மட்டும் பிரஷ்ஷால் திறந்துவிட வேண்டும். எள்ளும் மூடி வரிகளும் கீழ் நகலிலேயே இருக்கட்டும். சற்று மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் எள், எள்ளாகவே இருக்கும்.

இனி சோதனை. பெரிதாக்கிய படத்தை மறுபடி 1024 பிக்சலுக்குச் சுருக்கி, துடைத்து முடித்த கோப்பின் மேல் வைத்து, லேயரை Difference என்று மாற்றினால் இரண்டும் ஒன்றாக உள்ள இடமெல்லாம் கறுப்பாகும். ஓரங்களில் மெல்லிய கோடு தெரிவது இயல்பு. மூடியோ எள்ளோ உருவமாக ஒளிர்ந்தால் அங்கே வடிவம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். படம் முழுவதும் லேசாக வெளுத்திருந்தால் நிறம் நகர்ந்திருக்கிறது.

இந்தச் சோதனையில் தேறிவிட்டாலே படம் உண்மையாகிவிடாது என்பதற்கு 2020-இல் ஒரு பெரிய உதாரணம் கிடைத்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ‘பல்ஸ்’ என்ற முறையை உருவாக்கினார்கள். மங்கலான முகம் ஒன்றைக் கொடுத்தால், சுருக்கும்போது அதே மங்கலைத் தரக்கூடிய தெளிவான முகத்தை அது தேடித் தரும். அதில் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது ஒரு வெள்ளைக்காரரின் முகம் வந்தது. சுருக்கினால் பொருந்தக்கூடிய முகத்தைத் தேடுவதே அந்த முறையின் அடிப்படை, ஆனால் வந்தவர் ஒபாமா அல்ல. ஒரே மங்கலுக்குள் சுருங்கக்கூடிய தெளிவான படங்கள் கணக்கற்றவை. Difference சோதனை இருந்ததை மாற்றியதைப் பிடிக்கும். ஒரு பிக்சலுக்குள் புதிதாக நுழைத்ததைப் பிடிக்காது.

அதைப் பிடிக்க விரல் விட்டு எண்ணுவதுதான் வழி. நிஜ மூடியைச் சுற்றி 60 வரி இருந்தால், ஒரு பக்கம் பார்க்கும்போது ஏறக்குறைய 30 தெரிய வேண்டும். படத்தில் 22 தான் இருக்கிறதென்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மூடி இவருடையதல்ல. அங்கே நிஜ மூடியைப் படமெடுத்து ஒட்டலாம், அல்லது வரிகள் மங்கலாகவே இருக்க விட்டுவிடலாம்.

கடைசியாக, நோட்டீஸ் அடிக்கப்போகும் அதே தாளில் மூடியும் எள்ளும் வரும் ஒரு பட்டையை மட்டும் நிஜ அளவில் எடுத்து, பாட்டில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். திரையில் 200 சதவீதத்தில் தெரியும் குறைகளில் பல தாளில் மறைந்துவிடும். பொன்னிற எண்ணெய் அச்சு மையில் மங்குவது போல, திரையில் தெரியாத குறை சில தாளில் தெரியும். படம் அப்போதும் மென்மையாகத் தெரிந்தால் அதை 8.7 சென்டிமீட்டருக்குச் சுருக்கி, மீதி இடத்தில் விலையையும் தொலைபேசி எண்ணையும் பெரிதாகப் போடலாம். இல்லையென்றால் ஜன்னலோரம் மரப்பலகையை வைத்து, அதன் மேல் நிஜ பாட்டிலை நிறுத்தி, கைப்பிடி எள்ளைத் தூவி, கையிலிருக்கும் போனிலேயே படமெடுக்கலாம். 12 மெகாபிக்சல் போன் தரும் 4000 பிக்சல் அகலம், 300 வீதத்தில் 34 சென்டிமீட்டர் தாளுக்குப் போதும்.